முள்ளியவளையில் இரண்டு அறை ஹோம் ஸ்டே: விருந்தினர் பதிவேட்டில் என்ன எழுதுகிறீர்கள்?

முள்ளியவளை வீடு

வணக்கம். மகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு வீட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. முன் அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறது. பின் அறையில் தங்குகிறவர்கள் குளியலறைக்கு விறாந்தை வழியாகப் போய்வர வேண்டும். நுளம்பு வலை, புது மெத்தை, மின்விசிறி எல்லாம் போட்டுப் போன வருடம் தை மாதத்தில் தொடங்கினோம். நானும் கணவரும் இதே வீட்டில்தான் இருக்கிறோம்.

வந்தவர்கள் அறையையும் சாப்பாட்டையும் குறை சொல்லவில்லை. நாங்கள் தடுமாறியது எழுத்து வேலையில். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பங்குனியிலேயே வவுனியாவில் இருந்து ஒரு குடும்பம் வாட்ஸ்அப்பில் கேட்டது. "சரி, வாங்கோ" என்று பதில் போட்டேன். எங்கும் குறிக்கவில்லை. சித்திரை நடுவில், இணையத் தளம் வழியாக வேறு ஆட்கள் இரண்டு அறைகளையும் சனி முதல் செவ்வாய் வரை எடுத்துவிட்டார்கள். தளத்தில் காட்டியது நாலு பெரியவர்கள், வந்து இறங்கியதோ நாலு பேரும் ஒரு குழந்தையும். ஞாயிறு பின்னேரம் வவுனியாக் குடும்பம் ஆறு பேராக வான் ஒன்றில் வந்து நின்றது. பொங்கலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. எங்கள் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹோலில் படுத்தோம். அடுத்த நாள் காலை நாலு பேருக்கு என்று மா குழைத்து வைத்த வீட்டில் பதினொரு பேர்.

அதோடு முடியவில்லை. தளம் வழியாக வந்தவர்களில் ஒருவர் கனடாக் கடவுச்சீட்டுக்காரர். கோயில் சனத்துக்குள் அவருடைய பை தொலைந்துபோனது, கடவுச்சீட்டும் அதற்குள்தான். பொலிஸ் முறைப்பாட்டுக்குக் கடவுச்சீட்டு இலக்கம் கேட்டார்கள். அவரிடம் பிரதி இல்லை. என் டயரியில் அவருடைய பெயர், "கனடா", "3 நாள்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்கு அழைத்து, அங்கே நடுச்சாமத்தில் மனைவியை எழுப்பித்தான் இலக்கம் எடுத்தார்.

இந்த வருடப் பொங்கலுக்கு முன் ஒழுங்கான பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது, எப்போது எழுதுவது? நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளம் சந்தி

அக்கா, நான் ஏ9 வீதியோரம் ஆறு அறை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வீதி வேலை செய்கிறவர்கள், கம்பனி விற்பனைப் பிரதிநிதிகள், லொறிக்காரர். ஒரே ஆட்கள்தான் மாறி மாறி வருவார்கள். பெயரும் போன் இலக்கமும் எழுதுவேன், அவ்வளவுதான். இவ்வளவு காலத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. அதிகம் கேட்டால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு நடந்தது பதிவேட்டுப் பிரச்சினை இல்லை, முற்பணம் வாங்காத பிரச்சினை. காசு வாங்கியிருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள்.

ராமேஸ்வரம் லாட்ஜ்

சகோதரி, வெளிநாட்டுக்காரர் தங்கினால் நீங்கள் அதற்கான படிவம் போட்டே ஆக வேண்டும். வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். கடவுச்சீட்டு எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், எல்லாம் அதில் கேட்கும். போடாவிட்டால் வழக்கு வரும். நாங்கள் இருபது வருடமாகப் போடுகிறோம்.

குளக்கட்டு

ராமேஸ்வரம் ஐயா சொல்வது இந்தியச் சட்டம். அந்த 24 மணி நேரப் படிவம் இந்தியக் குடிவரவு அலுவலகத்துக்குப் போவது. முள்ளியவளையில் இருக்கிறவர் அதை நிரப்ப முடியாது. ஆனால் அந்தப் படிவத்தில் உள்ள கேள்விகள் நல்லவை. நான் என் கொப்பியில் கோடு போட்டபோது கிட்டத்தட்ட அதே விவரங்களைத்தான் வைத்தேன், அதனால் ஐயா எழுதியதைத் தள்ளிவிட வேண்டாம்.

நான் இரணைமடுக்குளத்துக்குக் கிட்ட 2016 முதல் மூன்று அறை நடத்துகிறேன். அக்காவுக்கு என் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. முன்பதிவு ஒன்று, வருகைப் பதிவு இன்னொன்று. முன்பதிவு என்பது வரப்போவதாகச் சொன்ன ஆள். வருகைப் பதிவு என்பது வாசலில் வந்து நிற்கிற ஆள். இரண்டையும் ஒரே டயரியில் எழுதினால் ஒன்று மற்றதை மறைத்துவிடும்.

முன்பதிவுக்குக் குசினிச் சுவரில் பெரிய கட்டம் போட்ட கலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு நாள் கட்டத்தையும் மூன்றாகப் பிரித்திருக்கிறேன், அறைக்கு ஒன்று. யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டால், பதில் போடுவதற்கு முன் எழும்பிப் போய்ப் பென்சிலால் பெயர் எழுதுவேன். "இரண்டு நாளுக்குள் பாதிக் காசு போட்டால் அறை உங்களுக்கு" என்று அதற்குப் பிறகுதான் பதில் போகும். காசு வந்ததும் பென்சில் எழுத்தின் மேல் பேனையால் எழுதுவேன். வராவிட்டால் அழித்துவிட்டு அவருக்கும் சொல்லிவிடுவேன். மாங்குளம் தம்பி முற்பணத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் முற்பணம் மட்டும் போதாது. பென்சிலால் எழுதிய உடனேயே இணையத் தளத்தில் அந்த அறையை அந்த நாட்களுக்கு மூடவும் வேண்டும். அக்கா அன்றைக்கு மூடியிருந்தால் சித்திரையில் அந்த அறை தளத்தில் தெரிந்திருக்காது.

இரண்டு தளங்களில் போட்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கலண்டர் இணைப்புக் கொடுத்தால் ஒன்றில் விழும் முன்பதிவு மற்றதைத் தானாக மூடும் என்பார்கள். மூடும், ஆனால் சில மணி நேரம் பிந்தும். சாதாரண நாளில் அது பரவாயில்லை. பொங்கல், மடுத் திருவிழா, ஆவணி விடுமுறை என்றால் அந்த இடைவெளிக்குள் இரண்டாவது ஆள் விழுந்துவிடுவார். அந்த நாட்களில் நான் ஒரு தளத்தை முழுதாக மூடிவிட்டு மற்றதில் மட்டும் வைப்பேன்.

வருகைப் பதிவுக்கு இலக்கமிட்ட பக்கங்கள் உள்ள பெரிய சிஆர் கொப்பி. அதை எழுதிய பிறகுதான் திறப்புக் கொடுப்பேன். "களைத்து வந்திருக்கிறார்கள், நாளைக்கு எழுதலாம்" என்று விட்டால் நாளைக்கு அவர்கள் காலையிலேயே வெளிக்கிட்டுவிடுவார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் எழுதி முடித்துவிடலாம்.

இடது பக்கம் ஆளுக்கு. தொடர் இலக்கம், வந்த நாளும் நேரமும், ஆவணத்தில் உள்ளபடி முழுப் பெயர், ஆவணத்தின் வகை, அதன் இலக்கம், நிரந்தர முகவரி, போன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் எந்த நாடு, இலங்கைக்குள் வந்த திகதி, விசா எதுவரை, இங்கிருந்து எங்கே போகிறார். வலது பக்கம் தங்கலுக்கு. அறை, எத்தனை பேர், எத்தனை இரவு, பேசிய காசு, வாங்கிய முற்பணம், காலைச் சாப்பாடு, போன நேரம், கையெழுத்து. குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதி "+5" என்று போடாதீர்கள். ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும், குழந்தை என்றால் வயதும்.

ஸ்காபரோ

இதை வாசிக்க மனம் பொறுக்கவில்லை. நான் பிறந்தது தண்ணீரூற்றில். போன ஆவணியில் என் சொந்த ஊரில் தங்கப் போன இடத்தில், வாசலில் நிற்கவைத்துக் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். 2014 கடைசியில் நாங்கள் வந்தபோது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள். ஓமந்தையில் அப்பாவை வெயிலில் நிற்கவைத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு 2015 தையில் எடுபட்டுவிட்டது. இப்போது எங்கள் ஆட்களே அந்த வேலையைச் செய்வதா? ஊர்க்காரரிடம் முகவரி கேட்டு எழுதி வைத்தால் போதாதா?

முள்ளியவளை வீடு

அண்ணா, நீங்கள் எழுதியது எனக்கு விளங்குகிறது. இந்த மண்ணில் "பதிவு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கும் நெஞ்சு இறுகும். எத்தனை பட்டியலில் எங்கள் பெயரை எழுதினார்கள் என்று நான் எண்ணியதில்லை. அதனால்தான் போன வருடம் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் விட்டேன். கடைசியில் பை தொலைத்த அந்தத் தம்பிக்கு என்னால் ஒரு உதவியும் செய்ய முடியாமல் போனது. அவரும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான்.

குளக்கட்டு

ஸ்காபரோ அண்ணாவிடம் கேட்டவர் கேட்ட விதம் பிழையாக இருந்திருக்கலாம். வாசலில் நிற்கவைத்துக் கேட்கக் கூடாது. நான் ஆட்களை விறாந்தையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, கொப்பியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, என்ன எழுதுகிறேன் என்று காட்டித்தான் எழுதுவேன். அடுத்தவர்களுடைய வரிகள் தெரியாமல் மேலே ஒரு மட்டை வைத்து மூடியிருப்பேன். கடவுச்சீட்டை என் கையில் வைத்துக்கொள்வதில்லை. பார்த்து எழுதி உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சில இடங்களில் போகும்வரை வாங்கி வைக்கிறார்களாம், அது சரியில்லை.

கேட்காமல் மட்டும் விட முடியாது. பிறந்தது தண்ணீரூற்றாக இருந்தாலும் விசாவில் வந்தவர் என்றால் பதிவேட்டில் அவர் கனடாக்காரர்தான். ஊர் முகவரியை எழுதினால் பின்னால் அந்த வரியால் யாருக்கும் பயன் இல்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இரண்டு ஆவணமும் வைத்திருப்பார்கள். அவர்களிடம் எந்தக் கடவுச்சீட்டில் நாட்டுக்குள் வந்தீர்கள் என்று கேட்டு அதைத்தான் எழுதுகிறேன்.

ஓய்வு எழுதுவினைஞர்

பிள்ளை, 34 வருடம் கச்சேரியில் பதிவேடு எழுதியவன் என்பதால் ஒரு சிறு விடயம் சொல்கிறேன். உள்ளூர் ஆட்களின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எழுதும்போது அதை வாசிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகளை அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டும் புதியதில் முதல் நாலும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். ஒரு அட்டை 1988 என்று தொடங்கி அடுத்து 652 வந்தால், அது பெண். 500 ஐக் கழித்தால் 152. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ண வேண்டும். ஜனவரி 31, பெப்ரவரியோடு 60, மார்ச்சோடு 91, ஏப்ரலோடு 121, மேயோடு 152. ஆகவே பிறந்த நாள் மே 31.

இப்படிப் பாருங்கள். நீங்கள் எழுதிய வரியில் ஆண் பெயர் இருக்கிறது, நடு மூன்று இலக்கம் 500 க்கு மேல் என்றால், ஒன்றில் நீங்கள் பார்த்து எழுதியதில் பிழை, அல்லது மனைவியின் அட்டையைத் தந்திருக்கிறார். 366 க்கும் 501 க்கும் இடையில் ஒரு எண் வந்தால் அப்படி ஓர் அட்டையே இருக்க முடியாது, திரும்பப் பாருங்கள். போனில் வாய்வழியாகச் சொன்ன இலக்கங்களில் இந்தப் பிழை நிறைய வரும்.

வயதும் இதிலேயே தெரியும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பெற்றோரோ உறவினரோ இல்லாத பெரியவர் ஒருவரோடு வந்தால் அறை கொடுக்காதீர்கள். அதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாங்குளம் சந்தி

ஐயா, இந்த 500 கணக்கு எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் கொப்பியில் இலக்கம் எழுதியிருந்த சில வரிகளைப் பார்த்தேன். ஒருவருக்கு நடுவில் 412 என்று இருக்கிறது. இந்த மாதமும் வருவார், கேட்டுத் திருத்துகிறேன்.

பறவை பார்ப்பவன்

நான் வீடு நடத்துகிறவன் இல்லை, தங்குகிறவன். கார்த்திகை முதல் மாசி வரை கட்டுக்கரைக்குளம், சுண்டிக்குளம், நந்திக்கடல் என்று சுற்றுவேன். எங்களைப் போன்றவர்கள் காலை ஐந்தரைக்கே வெளிக்கிட வேண்டும், வெயில் ஏறினால் பறவை தூரம் போய்விடும். "காலைச் சாப்பாடு சேர்த்து" என்று காசு வாங்குகிற வீடுகளில் எட்டு மணிக்குத்தான் தருகிறார்கள். எத்தனையோ நாள் சாப்பிடாமல் போயிருக்கிறேன். முதல் நாள் இரவே கேட்டு, ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தால் போதும். அக்காவின் பதிவேட்டில் அதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

குளக்கட்டு

இவர் சொல்வது நான் எழுத மறந்த விடயம். "காலைச் சாப்பாடு" என்ற இடத்தில் நான் நாலு விடயம் எழுதுவேன்: எத்தனை பேர், எத்தனை மணி, மச்சமா சைவமா, உறைப்புச் சேருமா. திறப்புக் கொடுக்கும்போதே கேட்டுவிடுவேன். இரவு ஏழு மணிக்கு மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மாவும் தேங்காயும் எடுத்து வைப்பா. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பல பேருக்குச் சம்பல் உறைக்கும். அவர்களுக்குச் சொதியும் முட்டையும் பாணும் தனியாக வைப்போம்.

ஆட்களின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு என் கணக்கையே சொல்கிறேன். தளத்தில் என் அறை காலைச் சாப்பாட்டோடு 7,000 ரூபா, இரண்டு பேருக்கு. தளக் கொமிஷன் எனக்கு 15 வீதம், அது 1,050. மிச்சம் 5,950. ஒரு காலைச் சாப்பாடு எனக்கு 450 அளவில் முடிகிறது, இரண்டு பேருக்கு 900. துவைப்பு, சவர்க்காரம், கரண்ட் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 1,200. ஆக 3,850 மிஞ்சும். அதே அறைக்கு மூன்று பேர் கூட வந்து, நான் பேசாமல் இருந்தால், சாப்பாட்டுக்கு மட்டும் 1,350 கூடுதல். அது போனால் 2,500. தண்ணீரும் துவாயும் வேறு. அதனால் முன்பதிவு வந்தவுடனேயே, "குழந்தைகளையும் சேர்த்து எத்தனை பேர்?" என்று ஒரு செய்தி அனுப்புவேன். ஐந்து வயதுக்குக் கீழே காசு இல்லை, அதற்கு மேல் மெத்தைக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு என்று அப்போதே சொல்லிவிடுவேன். வந்து இறங்கிய பிறகு காசு பேசினால் இரண்டு பக்கத்துக்கும் முகம் சுருங்கும்.

முள்ளியவளை வீடு

பொங்கல் காலத்தில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. அந்த நாட்களுக்கு முன்பதிவு செய்கிறவர்களிடம் அதையும் முதலே சொல்ல வேண்டும் என்று இப்போது எழுதி வைத்தேன்.

போன பொங்கல் நாட்களைக் குளக்கட்டு அண்ணா சொன்ன முறையில் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். பங்குனியில் வவுனியாக் குடும்பத்துக்குக் கலண்டரில் பின் அறை, ஞாயிறு, திங்கள், பென்சிலால். அங்கேயே கை நின்றுவிட்டது. ஆறு பேர் என்று அவர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள், நான் வாசித்தும் கவனிக்கவில்லை. பின் அறையில் ஆறு பேர் படுக்க முடியாது. ஆக இரண்டு அறையும் அவர்களுக்குத்தான் போயிருக்க வேண்டும், தளத்தை அன்றைக்கே மூடியிருக்க வேண்டும். கட்டத்துக்குள் ஆட்களின் எண்ணிக்கையை எழுதும்போதுதான் இது தெரிகிறது. அதனால் என் கலண்டரில் பெயருக்குப் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் வரும்.

இன்னொரு கேள்வி. அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்தால் எழுதுகிற வேலை மிச்சம் இல்லையா? கணவர் அப்படித்தான் சொல்கிறார்.

ஸ்காபரோ

அதை மட்டும் செய்யாதீர்கள் தங்கச்சி. முந்தி நான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விறாந்தையில் இருத்தி, கொப்பியைக் காட்டி எழுதினால் எனக்கு மறுப்பு இல்லை. படம் என்பது வேறு. நான் தங்கிய வீட்டில் பையன் என் கடவுச்சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தன் அண்ணனுக்கு அனுப்பினான். அது எத்தனை போனில் கிடக்கிறதோ தெரியாது.

குளக்கட்டு

படத்தில் நான் கொஞ்சம் வேறு கருத்து. வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு விவரப் பக்கத்தை, அவர் சம்மதித்தால் மட்டும், ஒரு பிரதி எடுத்து வைப்பேன். அக்காவின் விருந்தினருக்கு நடந்தது போல் தொலைந்தால் அது கைகொடுக்கும். ஆனால் போனில் வைப்பதில்லை. கடதாசிப் பிரதி, கொப்பியோடு அலுமாரியில் பூட்டு. அவர் போகும்போது பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேவைக்கு மேல் எடுக்காதே, எடுத்ததைப் பாதுகாப்பாக வை என்பதுதான் அதில் எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளது. வாட்ஸ்அப்பில் அட்டைப் படம் சுற்றுவது எப்படிப் பார்த்தாலும் சரி இல்லை.

ஓய்வு எழுதுவினைஞர்

பிரதி தேவை இல்லை என்பது என் கருத்து. ஒழுங்காக எழுதிய வரி ஒன்று போதும். பிரதி எடுக்கத் தொடங்கினால் எழுதுகிற கை சோம்பலாகிவிடும். அலுவலகத்தில் இதை நேரில் கண்டவன்.

மாங்குளம் சந்தி

பொலிஸ் வந்து கொப்பியைக் கேட்டால் கொடுப்பதா? என்னிடம் ஒருநாள் சீருடை இல்லாமல் ஒருவர் வந்து, "இந்த வாரம் யார் தங்கினார்கள்?" என்று கேட்டார். நான் கொப்பியைக் கொடுத்துவிட்டேன். பிறகு யோசித்தேன்.

குளக்கட்டு

தம்பி, சீருடை இல்லாமல் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் உண்மையான உத்தியோகத்தர் காட்டுவார். காட்டிய பிறகும் கொப்பியைக் கையில் கொடுக்காமல், அவர் கேட்கிற நாளின் பக்கத்தை மட்டும் மேசையில் வைத்துக் காட்டுங்கள். யார் வந்தார், எந்த நிலையம், எத்தனை மணி, எந்த வரியைப் பார்த்தார் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். நான் தொடங்கிய மாதமே எங்கள் பொலிஸ் நிலையத்துக்கு நானே போய், இப்படி வீடு நடத்துகிறேன், வெளிநாட்டவர் வந்தால் உங்களுக்கு என்ன விவரம், எப்படி வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு தெரியாத ஆட்கள் வந்து கேட்டால், "நிலையத்தில் கதைத்திருக்கிறேன்" என்று சொல்ல முடிகிறது. அக்காவும் தன் நிலையத்தில் போய்க் கேட்பது நல்லது.

பதிவு என்று கதை வந்தபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம் ஸ்டே என்று தனி வகை இருக்கிறது. வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், அக்காவுக்கு அது பொருந்தும். மாங்குளம் தம்பியுடையது விருந்தினர் விடுதி வகையில் வரும். பிரதேச சபையின் அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். என்னிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது முதலில் பார்த்தது குசினியும் கிணறும். மலகூடக் குழி கிணற்றில் இருந்து எவ்வளவு தூரம் என்று நாடா பிடித்து அளந்தார். அக்காவின் பின் அறைக் குளியலறை புதிதாகக் கட்டியது என்றால் அதை இப்போதே அளந்து பாருங்கள்.

ராமேஸ்வரம் லாட்ஜ்

குளக்கட்டு ஐயா திருத்தியதற்கு நன்றி, உங்கள் ஊர்ச் சட்டம் தெரியாமல் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். திருமணம் ஆகாத ஆணும் பெண்ணும் அட்டையோடு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இங்கே லாட்ஜுக்கு லாட்ஜ் வேறுபடுகிறது.

முள்ளியவளை வீடு

நாங்கள் வீட்டில் இருக்கிறோம், பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். நான் கொடுப்பதில்லை என்று முன்பதிவுக்கு முன்பே சொல்லிவிடுவேன்.

மாங்குளம் சந்தி

இருவருக்கும் பதினெட்டு தாண்டியிருந்தால், அட்டை இருந்தால், நான் கொடுக்கிறேன். அவர்கள் சீவியம் அவர்களுடையது.

ஓய்வு எழுதுவினைஞர்

அதை வீட்டுக்கு வீடு முடிவு செய்யட்டும். ஆனால் கொடுத்தால் இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஆணின் பெயரை மட்டும் எழுதிப் பெண்ணை "மனைவி" என்று போடுகிற பழக்கம் பல கொப்பிகளில் உண்டு. நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளை அங்கே இருந்ததற்கே எழுத்து இருக்காது.

முள்ளியவளை வீடு

ஐயா சொன்னதை வாசித்துவிட்டு என் பழைய டயரியைப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ஆண் பெயர்தான் இருக்கிறது.

இன்று முல்லைத்தீவுக்குப் போய் 200 பக்கச் சிஆர் கொப்பி வாங்கி, பக்கத்துக்கு இலக்கம் போட்டு, கோடு கீறினேன். குசினியில் கலண்டர் தொங்குகிறது. பொங்கல் நாட்களைத் தளத்தில் மூடிவிட்டேன். வவுனியாக் குடும்பம் இந்த முறையும் கேட்டிருக்கிறார்கள், ஆறு பேர், இரண்டு அறை, பென்சிலில் இருக்கிறது. நாளை மாலைக்குள் பாதிக் காசு வர வேண்டும். பின் அறைக் குழியையும் கணவர் அளந்தார், கிணற்றில் இருந்து 31 அடி வருகிறது. குளக்கட்டு அண்ணா, உங்களுடைய பரிசோதகர் எத்தனை அடி கேட்டார்?

குளக்கட்டு

எங்களிடம் 50 அடிக்குக் குறையக் கூடாது என்றார். மண்ணைப் பொறுத்து, கிணறு மேட்டிலா பள்ளத்திலா என்பதைப் பொறுத்து உங்கள் பரிசோதகர் வேறு சொல்லக்கூடும், அவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒன்றும் இடிக்க வேண்டாம். அவர் வரும்வரை விருந்தினருக்குக் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர் வைக்காதீர்கள், வடிகட்டிய போத்தல் தண்ணீர் வையுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டுமா, எங்கே கொடுப்பது என்றும் அவரிடமே கேளுங்கள்.